வீட்டோடு மாப்பிள்ளை: யார் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள்

"எனக்கு வயது 34. மனைவி அவர்கள் வீட்டுக்கு ஒரே பெண். மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து, இரண்டு வருடமாக, விருதுநகரில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறோம். மாடியில் 9 லட்சம் செலவழித்து இரண்டு அறை கட்டினேன். ஒரு காதுகுத்தில் மனைவியின் சித்தப்பா மகன், 'மானம் ரோசம் உள்ளவன் மாமனார் வீட்ல உக்காந்திருப்பானா' என்று எல்லார் முன்னாலும் கேட்டான். என் அம்மா 'உன்னைத் தாரை வார்த்துட்டேன்' என்று அழுகிறார். போன வாரம் மாமாவே 'இது என் வீடு' என்று சொல்லிவிட்டார். நான் செய்வது தவறா? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

தம்பி, நீங்கள் செய்வது தவறில்லை. ஆனால் மூன்று பேர் சொன்னதையும் ஒரே சொல்லாக நினைத்து ஒரே இடத்தில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். மூன்றும் வேறு வேறு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதைக் காதிலேயே வாங்கக் கூடாது, எதற்காக மெனக்கெட வேண்டும் என்று தெரியும். நானும் மதுரையில் மாமனார் வீட்டில் 13 வருடம் இருந்தவன். தொழில் சிவில் வழக்குகள், பாகப்பிரிவினை, பத்திரம் என்று ஓடுவது. அதனால் இந்தப் பேச்சை வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கிறேன், கோர்ட்டிலும் கேட்டிருக்கிறேன்.

முதலில் அந்தச் சித்தப்பா மகன். அவர் உங்கள் மாமாவுக்குப் பங்காளி. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தால் முதலில் பேசுவது எப்போதும் பங்காளி வீடுதான். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பழைய இந்துச் சட்டத்தில், அண்ணன் தம்பி பாகம் பிரியாமல் இருந்து, ஒருவர் மகன் இல்லாமல் இறந்தால் அவர் பங்கு மற்ற சகோதரர்களுக்கே சேர்ந்துவிடும். மகளுக்குக் கல்யாணச் செலவு, சீர், அதோடு சரி. ஆக, மகன் இல்லாத பெரியப்பா வீடு என்றைக்கானாலும் தங்கள் பக்கம் வரும் என்பது தலைமுறை தலைமுறையாக மனதில் கிடந்த கணக்கு. கொள்ளி வைக்க வேண்டியவனும் நான்தான், வீடும் எனக்குத்தான் என்று இரண்டும் சேர்ந்தே வரும்.

1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் இதை மாற்றிவிட்டது. உங்கள் மாமா சம்பாதித்துக் கட்டிய வீடு, அவர் உயில் எழுதாமல் போனால், அத்தைக்கும் உங்கள் மனைவிக்கும் சமமாகப் போகும். மாமாவின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இவர்களில் ஒருவர் இருக்கும்வரை சித்தப்பா மகனுக்கு ஓர் ஓடு கூடக் கிடையாது. பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலப் பிறப்புரிமை வந்துவிட்டது, தமிழ்நாட்டில் ஒரு பகுதிப் பெண்களுக்கு 1989லேயே, 2005க்குப் பிறகு எல்லோருக்கும். சட்டம் மாறிவிட்டது, மனதிலிருக்கும் கணக்கு மாறவில்லை. நீங்கள் அந்த வீட்டில் இல்லாவிட்டால், உடம்புக்கு முடியாத பெரியப்பாவைப் போய்ப் பார்த்து, நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்று, ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. நீங்கள் இருப்பது அதற்குத் தடை. அவர் உங்கள் மானத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை தம்பி. அந்த மனிதர் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. தன்னையறியாமலே பலர் இப்படித்தான் பேசுகிறார்கள்.

நம் மக்களிலேயே இந்தப் பேச்சு இல்லாத ஊர்கள் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் மணமகன் பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம், வீடு பெண்மக்களுக்குப் போகும். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கமும் அப்படியே, தமிழரிலும் முஸ்லிம்களிலும். பெண்ணுக்குச் சீதனமாக வீடு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார், பெற்றோர் அடுத்த மகளுக்கு வீடு கட்டி அங்கே நகர்வார்கள். அந்த ஊர்களில் 'மாமனார் வீட்ல இருக்கியே' என்று யாரும் ஒருவரைப் பார்த்துக் கேட்க முடியாது, எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆந்திரத்து ரெட்டி, கம்மா குடும்பங்களில் இல்லாட்டம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மகன் இல்லாத வீட்டில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்து, அவர் உழைப்புக்குச் சொத்தில் மகனைப் போலப் பங்கு என்று முன்னாலேயே பேசிக்கொள்வார்கள். பெற்றவர் வீட்டுப் பங்கையும் அவர் இழக்க மாட்டார். கோர்ட்டுகளும் அதை ஏற்றிருக்கின்றன.

எங்கள் மதுரையையே பாருங்கள். பட்டத்துக்கு உரியவள் மீனாட்சி, கயிலையிலிருந்து வந்து சேர்ந்தவர் சொக்கநாதர். சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், நாலு மாதம் அவள் ஆட்சி. ஆவணி மூலத்தில் சுவாமிக்குப் பட்டாபிஷேகம், எட்டு மாதம் அவர் ஆட்சி. யார் எப்போது செங்கோல் பிடிப்பது என்பதில் குழப்பம் கிடையாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த இடங்களில் எல்லாம் வந்து சேர்ந்தவருக்கு என்ன பங்கு என்று முன்பே பேசி முடித்த ஒன்று. உங்கள் வீட்டில் அப்படி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. மாமாவுக்கு உடம்பு முடியவில்லை, நீங்கள் பெட்டியோடு வந்தீர்கள், ரெண்டு மாதம் பார்த்துக்கொள்வோம் என்றது ரெண்டு வருடமாகிவிட்டது. விருந்தாளியாக வந்தீர்கள். எந்தத் தேதியில் விருந்தாளி குடும்பத்து ஆளாக மாறினார் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வெளியாள் சொல்லும் ஒரு வார்த்தை உங்களுக்கு இவ்வளவு உறைப்பது அந்தக் குழப்பத்தினால்தான் என்பது என் எண்ணம்.

மாமா சொன்ன 'இது என் வீடு' என்பதையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவது மாமனாரின் வேலை. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்துவார். நான் போன புதிதில், பெரியவர் எதற்கு எழ வேண்டும் என்று நானே ஐந்தே காலுக்கு எழுந்து போட்டுவிட்டேன். அவர் வந்தார், ஒன்றும் பேசவில்லை, சுவிட்சை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரே மறுபடி போட்டார். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு அவமானம். ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவருடைய ஒரே ஆட்சியை நான் எடுத்துக்கொண்டேன் என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

உங்கள் மாமா பக்கவாதம் வந்தவர். ஒரு கை வராது. பாத்ரூம் போக ஆள் வேண்டும். சட்டைப் பொத்தானை அத்தை போட்டுவிடுகிறார். பாங்குக்கு நீங்கள் போகிறீர்கள், கொத்தனாரோடு நீங்கள் பேசுகிறீர்கள், மாடியில் அறை எழும்புவதைக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அந்த மனிதரின் வாயில் 'இது என் வீடு' என்று வந்தால், அதில் 'நீ போ' என்பது இல்லை. நான் இன்னும் இருக்கிறேன் என்பதுதான் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு சட்டென்று கோபம் வருவதும் அழுகை வருவதும் சாதாரணம். மூளையில் பட்ட அடியின் விளைவாகவே அது இருக்கலாம், மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள், வைத்தியம் உண்டு. அந்த வீட்டில் அடிபட்ட மானம் உங்களுடையது மட்டும் இல்லை.

அதனால் மாமாவிடம் சண்டையும் வேண்டாம், மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போவதும் வேண்டாம். அவர் நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, வீடு உங்க வீடுதான். எனக்கு ரெண்டு மூணு வேலையை ஒதுக்கிக் கொடுத்திடுங்க, மத்ததுல நான் கை வைக்கலை" என்று கேளுங்கள். இதில் ரெண்டு நன்மை. கொடுக்கிறவர் அவராக இருப்பார். வாங்கியது உங்களுடையதாக இருக்கும். வேலையைப் பெயர் சொல்லி வாங்குங்கள். கரண்ட் பில், வீட்டு வரி, தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி, மாத்திரை உங்கள் பொறுப்பு. பால்காரர் கணக்கு, காய்கறிக்காரரிடம் பேரம், யாருக்கு எவ்வளவு மொய் எழுதுவது, வாசல் கேட்டை ராத்திரி எப்போது பூட்டுவது, இதெல்லாம் அவர் வாய் வார்த்தையாக இருக்கட்டும். மொய் விஷயம் முக்கியம். அந்த ஊரில் அவருக்கு யார் என்ன செய்தார்கள் என்ற 40 வருடக் கணக்கு அவர் தலையில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டு எழுதினால் அவருக்கும் வேலை இருக்கும், வெளியே போகும் கவரிலும் அவர் பெயர் இருக்கும்.

என் மாமனார் முட்டி ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, கட்டிலில் படுத்தபடி "மாப்ள, இனிமே மோட்டாரை நீங்க பாத்துக்கங்க" என்றார். அதுவரை நான் அந்த சுவிட்சைத் தொடவில்லை.

மாப்பிள்ளை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் இறக்கி வைக்க வேண்டும். முதல் தோசை உங்களுக்கு, நாற்காலியில் துண்டு விரித்து வைப்பது, அத்தை உங்கள் முன்னால் உட்காராமல் நிற்பது. ரெண்டு நாள் வந்து போகிறவருக்கு அது சரி. வருடக்கணக்கில் அதை வாங்கிக்கொண்டிருந்தால் அத்தைக்கு இடுப்பு ஒடிந்துவிடும், அந்த அலுப்பு ஒருநாள் யாரிடமாவது வார்த்தையாக வெளியே வரும். தட்டை நீங்களே எடுத்துக் கழுவுங்கள். முதல் தடவை அத்தை பதறுவார், பிடுங்க வருவார். பத்தாவது நாள் பழகிவிடும். உங்களை இன்னும் விருந்தாளியாக நடத்துகிற வீட்டில் உங்களைக் குடும்பத்து ஆள் என்று வெளியே சொல்ல அவர்களுக்கே வாய் வராது.

பணத்துக்கு வருகிறேன். 'சோத்துக்கு வந்தவன்' என்ற பேச்சு பெரும்பாலும் பணம் கொடுக்காததால் வருவதில்லை, கொடுத்தது யாருக்கும் தெரியாததால் வருகிறது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன், திருமங்கலம் பக்கம். வீட்டுக்கு மாதம் சுமார் 36,000 ரூபாய் ஆகும். மாமனாருக்குப் பென்ஷன் 24,000. மருமகன் ஒவ்வொரு மாதமும் 15,000 மனைவி கையில் கொடுத்துவிடுவார். மனைவி அதை அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அரிசிப் பானைக்குப் பக்கத்து டப்பாவில் போட்டு எடுத்துச் செலவழிப்பார். மாமனார் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான், தன் பென்ஷன் மாதக் கடைசியில் காலியாகிறது. 'அஞ்சு பேருக்கு நான் ஒருத்தன் சோறு போடுறேன்' என்று அவர் நம்பினார், பொய் சொல்லவில்லை. அதை டீக்கடையில் சொன்னார். ஊர் பிடித்துக்கொண்டது.

அவர்கள் மொத்தத் தொகையை மாற்றவில்லை, வழியை மட்டும் மாற்றினார்கள். மளிகை 12,000, கரண்ட், கேஸ், கேபிள், வேலைக்காரம்மா சம்பளம் எல்லாம் மருமகன் நேரடியாகக் கொடுப்பது. மருந்து, பால், காய்கறி, கோயில், மொய் எல்லாம் பென்ஷனில். மளிகைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து நோட்டைக் காட்டி மருமகனிடம் பணம் வாங்கிப் போனதை மாமனார் பார்த்தார். முதல் மாதமே பென்ஷனில் மீதி நின்றது. டீக்கடைப் பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்வது, கொடுக்கும் பணத்துக்குப் பெயர் இருக்க வேண்டும். மளிகை உங்களுடையது என்றால் அது உங்களுடையது, அதை மனைவி வழியாகவோ டப்பா வழியாகவோ கொடுக்காதீர்கள். சம்பளத்தை அப்படியே ஒப்படைக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் ஒரு செருப்பு வாங்கவும் கேட்டு வாங்குகிற நிலை வரும், அது நிஜமாகவே மனதைக் குறுக்கிவிடும்.

இனி அந்த 9 லட்சம். இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். வீடு மாமா பெயரில் இருந்தால் மாடியும் மாமாவுடையதுதான். பணம் நீங்கள் போட்டீர்கள் என்பதால் உங்களுக்கு அந்தக் கட்டடத்தில் உரிமை வந்துவிடாது. 2021இல் கேரள உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. ஒரே மகளைக் கட்டியதால் தன்னைக் குடும்பத்தில் தத்தெடுத்த மாதிரிதான், வீடு கட்டியதில் தன் பணமும் இருக்கிறது என்று மருமகன் வாதாடினார். கட்டடத்துக்குப் பணம் போட்டிருந்தாலும் மாமனார் சொத்தில் மருமகனுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. மருமகன் என்பது வாரிசுப் பட்டியலிலேயே இல்லாத உறவு.

பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டில் மனைவி ஒரே பெண். இன்னொரு மகள் இருந்திருந்தால் நீங்கள் கட்டிய மாடியில் அந்தக் கொழுந்தியாளுக்கும் பங்கு போயிருக்கும். அங்கேதான் நான் அதிகச் சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெண் என்றால் அது கடைசியில் உங்கள் மனைவிக்குத்தான் வரும். கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பெற்றோர் வழியாக ஒரு பெண்ணுக்கு வாரிசாக வந்த சொத்து, அவர் உயிலும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் இறந்தால் கணவனுக்கு வராது, அவர் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். அதாவது அதே பங்காளிகளுக்கு. பிள்ளை இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, பிள்ளையும் கணவனும் வாரிசு. உங்களுக்குக் குழந்தை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், மனைவி பெயருக்கு வீடு வரும் நாளில் அவர் ஓர் உயில் எழுதிவைப்பது நல்லது.

மாமா இருக்கும்போதே செய்ய வேண்டும் என்றால் வழி தான செட்டில்மெண்ட் பத்திரம். அப்பா மகளுக்கு எழுதும்போது தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு ஒன்று, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு ஒன்று, அதிகபட்சம் 10,000 ரூபாய். பத்திரம் மகள் பெயருக்குத்தான், உங்கள் பெயரைச் சேர்க்கக் கேட்காதீர்கள். மாமாவும் அத்தையும் ஆயுள் உள்ளவரை அங்கே இருந்து அனுபவிக்கும் உரிமையை அதிலேயே எழுதுங்கள், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதுங்கள். 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி, அந்த நிபந்தனையோடு கொடுத்து, பிறகு கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். இந்தப் பாதுகாப்பை நீங்களே முன்வந்து சொன்னால் மாமாவுக்கு உங்கள் மேல் இருக்கும் அச்சம் பாதி போய்விடும்.

அவருக்குக் கை வராததால் கைரேகை வைக்கலாம். பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டி, அவருக்குச் சுயநினைவு தெளிவாக இருக்கிறது என்று வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்கிவையுங்கள். நடக்க முடியாதவர் என்று மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்தும் பதிவுசெய்வார், அதற்குத் தனிக் கட்டணம். இவற்றை விட்டால், நினைவில்லாத மனிதரிடம் ரேகை வாங்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட ஒருவருக்கு இடம் கிடைக்கும். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே கூடாது. மனைவி எடுக்க வேண்டும், அத்தை கூட இருக்க வேண்டும். அதுவும் இப்போது, அந்த வார்த்தை வந்த சூட்டில் வேண்டாம். இது என் வீடு என்று சொன்ன மனிதரிடம் அடுத்த வாரம் பத்திரத்தோடு போய் நின்றால், சித்தப்பா மகன் சொன்னது உண்மை என்று அவரே முடிவுக்கு வந்துவிடுவார். ஆறு மாதம் போகட்டும். இல்லை, மாடிக்குப் போட்டதை மகளுக்கும் பெரியவர்களுக்கும் செய்தது என்று மனதார விட்டுவிட முடியுமானால் அதுவும் ஒரு நல்ல வழி. நான் விட்டுவிட்டேன். விட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சண்டையிலும் 9 லட்சத்தை எடுத்துக் காட்டுவதுதான் கூடாது. எதுவானாலும் கொத்தனார், சிமெண்ட், கம்பி ரசீதுகளையும் பாங்குக் கணக்கையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் சொல்லைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் அதுதான் பெரியது. அவர் யாருடைய சொத்துக்காகவும் பேசவில்லை. ஊரில் நாலு பேர் 'மகன் எங்கே' என்று கேட்கும்போது அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணம் ஆகிப் போகும் பெண்ணுக்கு மறுவீடு, ஆடிச்சீர், தலைத்தீபாவளி, பொங்கல்படி என்று பிறந்த வீட்டோடு பிணைக்கும் கயிறுகளை நம் வழக்கமே கட்டிவைத்திருக்கிறது. மாப்பிள்ளையாகப் போகிற மகனுக்கு அப்படி ஒன்று கிடையாது. நீங்களாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பண்டிகையை அம்மாவுக்கு என்று நிலையாக ஒதுக்கிவிடுங்கள், பொங்கல் என்றால் எந்த வருடமும் பொங்கல், குடும்பத்தோடு, ரெண்டு ராத்திரி தங்கி. அந்த ரெண்டு நாளைக்கு மாமாவுக்கு ஆள் ஏற்பாடு செய்வது முன்கூட்டியே நடக்க வேண்டும். அதே போல அம்மாவை விருதுநகருக்கு அழையுங்கள், அத்தை வாயால் அழைக்கச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் எப்படித் தங்குவது என்று மறுப்பார். மாடி இருக்கிறதே, மாடியில் உங்கள் அடுப்பில் உங்கள் மனைவி காப்பி போட்டுக் கொடுக்கட்டும். ஒரு தடவை வந்து ஒரு ராத்திரி தங்கிப்போன தாய், ஊரில் பேசும் விதமே வேறாக இருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால், என்றைக்காவது ஒருவர் 'உனக்குத்தான் அங்க எல்லாம் இருக்கே, இதை விட்டுக்கொடுத்துடேன்' என்று விடுதலைப் பத்திரத்தோடு வருவார். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று ரோசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமனார் வீட்டில் இருப்பதால் பெற்றவர் சொத்தில் உங்கள் பங்கு ஒரு குண்டுமணி கூடக் குறையாது. அங்கே இருப்பது மனைவியின் சொத்து, உங்களுடையது இல்லை என்பதை மேலே பார்த்தோம். இங்கேயும் எழுதிக்கொடுத்துவிட்டால் உங்கள் பெயரில் ஒரு சென்ட் இருக்காது. கொடுக்க மனம் இருந்தால் நிதானமாக யோசித்து, மனைவியிடம் பேசிக் கொடுங்கள். யாரோ சொன்ன சொல்லுக்காகக் கொடுக்காதீர்கள்.

விசேஷ வீட்டில் அந்தப் பையன் மறுபடி கேட்டால் விளக்கம் கொடுக்க வேண்டாம். நான் இவ்வளவு கொடுக்கிறேன், மாடி கட்டினேன் என்று நீங்கள் ஆரம்பித்தால், கணக்குக் கேட்கும் உரிமையை அவருக்கு நீங்களே கொடுத்தது போல ஆகிவிடும். "ஆமா, மாமாவுக்கு முடியலை, கூட இருக்கோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு எழுந்துவிடுங்கள். 'ஆமா' என்பதை மட்டும் விடாதீர்கள். மறைக்கிற ஒன்றைத்தான் குத்திக்காட்ட முடியும். இதைவிடப் பலமான பதில் உங்கள் மனைவி வாயிலிருந்து வருவது, "எங்க அப்பாவை நான் பாக்குறேன், அவர் எனக்காக வந்திருக்கார்". அதைச் சொல்ல வேண்டியது அவர்தான், கேட்டவன் அவருடைய பங்காளி, அவருடைய சொந்தம். அந்தக் காதுகுத்தில் அவர் பேசாமல் இருந்திருந்தால், நீங்கள் முதலில் பேச வேண்டியது அவரிடம்.

சட்டப்படி மாமனாரைப் பராமரிக்கும் கடமை மகளுக்குத்தான் உண்டு, மருமகனுக்கு இல்லை. நீங்கள் செய்வது முழுக்க உங்கள் மனதிலிருந்து செய்வது. அதனாலேயே, அது முடியாமல் போகும் நாள் வந்தால் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. சில அடையாளங்களைப் பாருங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனைவி வழியாகவே சொல்லியனுப்புகிறார்கள். உங்கள் அம்மா வந்துபோன அன்று வீட்டில் முகம் மாறுகிறது. மற்றவர்கள் முன்னால் உங்களைப் பெயர் சொல்லி இளக்காரமாகப் பேசுகிறார்கள். ஆபீஸ் விட்டு வண்டியை எடுத்ததும் வீட்டுக்குப் போகவே கால் வராமல் எங்கேயாவது சுற்றிவிட்டுப் போகிறீர்கள். கடைசியாகச் சொன்னது வாரத்தில் நாலு நாள் நடந்தால், காத்திருக்க வேண்டாம். அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். காலையும் மாலையும் மனைவி போய்ப் பார்க்கலாம், ராத்திரிக்கு ஓர் ஆள் வைக்கலாம், அவசரம் என்றால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் போய் நிற்கலாம். 13 வருடத்தில் எனக்கும் ஒரு தடவை அப்படி ஆகி, எட்டு மாதம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். திரும்பி வரச் சொல்லிக் கேட்டு வந்தது மாமனார்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.